நடுராத்திரி வரை குடித்தது காலை 4 மணிக்கு எங்கே இருக்கும்?

*"வரும் சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் அண்ணன் மகனுக்கு 21ஆம் பிறந்தநாள் பார்ட்டி. என் வீட்டுக்காரர் 80 கிலோ இருப்பார். சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தால் நடுராத்திரி வரை போகும்: 3 பியர், அப்புறம் 5 டபுள் பிராந்தி. ஞாயிறு விடிகாலை 4 மணிக்கு ஜோகன்னஸ்பர்க் கிளம்ப வேண்டும். ஒரு கறுப்புக் காபி குடித்து, பச்சைத் தண்ணீரில் குளித்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்கிறார். உண்மையா அண்ணா? எத்தனை மணி நேரத்தில் அது ரத்தத்தை விட்டுப் போகும்?"*

தெளியாது, தங்கச்சி. நீங்கள் சொன்ன அளவை அப்படியே வைத்துக்கொண்டாலும், 4 மணிக்கு அவர் ரத்தத்தில் சட்டம் விடும் அளவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். முழுக்கப் போவதற்குக் காலை 9 மணி தாண்டிவிடும். சிலருக்கு அன்று சாயங்காலம் வரைகூட ஆகும். காபியோ குளியலோ இந்த நேரத்தில் பத்து நிமிடத்தைக்கூடக் குறைக்காது. அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். திங்கட்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமை காலைதான் எனக்கு அதிகப் பயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணக்கைப் பார்த்துவிட்டால் அவருக்கே புரியும்.

முதலில் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்போம். நம் ஊர் 340 மில்லி பியர் பாட்டில், 5 சதவீதம் என்றால், அதில் 13 கிராமுக்குக் கொஞ்சம் மேலே சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மூன்று பாட்டிலுக்கு 40 கிராம். இங்கே பிராந்தி 43 சதவீதம். பாரில் ஒரு டாட் என்பது 25 மில்லி, டபுள் என்றால் 50 மில்லி, அதில் 17 கிராம். ஐந்து டபுளுக்கு 85 கிராம். ஆக மொத்தம் 125 கிராம். கோக் கலந்து குடித்தாலும் தண்ணீர் கலந்து குடித்தாலும் இந்த 125 மாறாது.

ஆல்கஹால் உடம்பில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கெல்லாம் பரவும், கொழுப்புக்குள் அதிகம் போகாது. அதனால் 80 கிலோ ஆணின் உடம்பை ஏறக்குறைய 54 கிலோவாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். விட்மார்க் என்ற சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 1930களில் கொடுத்த முறை இது. ஆணுக்கு எடையை 0.68ஆலும் பெண்ணுக்கு 0.55ஆலும் பெருக்க வேண்டும். இன்றைக்கும் நீதிமன்றங்களில் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். 125 கிராம் அந்த 54 கிலோவில் பரவினால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 230 மில்லிகிராம் வரும். இனிமேல் வெறும் எண்ணை மட்டும் சொல்கிறேன். எல்லாமே 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 230 ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்காது. குடித்துக்கொண்டிருக்கும்போதே கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சராசரி மனிதருக்கு மணிக்கு 15 குறையும். 6 மணியிலிருந்து 12 மணி வரை 90 போனால் நடுராத்திரிக் கணக்கு 140. கடைசி டபுளை அப்போதுதான் குடித்தார் என்றால் அது இன்னும் வயிற்றிலேயே இருக்கும், ரத்தத்தில் வந்து சேர இன்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். அதாவது "இதோடு போதும்" என்று கிளாஸைக் கீழே வைத்து, படுக்கப் போன பிறகும் கொஞ்ச நேரம் போதை ஏறிக்கொண்டே இருக்கலாம்.

சரி, 140. காலை 4 மணிக்குள் இன்னும் 60 குறைந்தால் 80. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் சாதாரண ஓட்டுநருக்கான எல்லை 50. சட்டப் புத்தகத்தில் 0.05 கிராம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். அந்த 50ஐத் தொடவே காலை 6 மணி ஆகும். பயணிகளை ஏற்றும் டாக்சி, பஸ், கனரக லாரி ஓட்டும் பெர்மிட் வைத்திருந்து அந்த வண்டியை எடுப்பவருக்கு எல்லை 20. அதற்கு 8 மணி. சுத்தமாக இல்லாமல் போக 9 மணி 20 நிமிடம்.

இது நல்லபடியாகப் போட்ட கணக்கு. இரண்டு இடத்தில் இது தவறிப் போகலாம், இரண்டுமே அவருக்கு எதிராகப் போகலாம்.

ஒன்று, வீட்டில் யாரும் டாட் அளவியை வைத்து ஊற்றுவதில்லை. கொல்லைப்புறத்தில் பிராய் அடுப்பைச் சுற்றி நிற்கும்போது மச்சானோ மாமாவோ பாட்டிலைச் சாய்த்து, கிளாஸில் கண் மதிப்பாக ஊற்றுவார். அது 50 மில்லியில் நிற்காது. ஒருநாள் வீட்டில் வழக்கம்போல ஊற்றச் சொல்லி, அதை மருந்து அளக்கும் கோப்பையில் கொட்டிப் பாருங்கள். 75 மில்லி வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஐந்து முறை 75 மில்லி என்றால் மொத்தம் 167 கிராம். நடுராத்திரியில் ஏறக்குறைய 217, காலை 4 மணிக்கு 157. அது எல்லையைவிட மூன்று மடங்கு. 50க்கு இறங்கவே காலை 11 மணி. அவர் கணக்கில் இதுவும் அதே "5 டபுள்"தான்.

இரண்டாவது, மணிக்கு 15 என்பது சராசரிதான். ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 20. நாள்தோறும் அதிகம் குடிப்பவர்களுக்கு 25 வரை போகும். கல்லீரலில் இன்னொரு வழியும் வேலைக்கு வந்துவிடுவதால் அப்படி. உங்கள் வீட்டுக்காரர் 10 ரகமா 20 ரகமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாது. 10 என்று வைத்தால், அளந்து ஊற்றிய 125 கிராமுக்கே நடுராத்திரியில் 170 இருக்கும். 50க்கு வர மறுநாள் மதியம் 12 மணி, முழுக்கப் போகச் சாயங்காலம் 5 மணி.

ஏன் அதை வேகப்படுத்த முடியாது? இதுதான் உங்கள் கேள்வியின் நடு. மற்ற பல மருந்துகள் ரத்தத்தில் அதிகமாக இருந்தால் உடம்பும் அதற்கு ஏற்றபடி வேகமாக வெளியேற்றும். ஆல்கஹாலில் அப்படி நடக்காது. கல்லீரலில் ஒரு நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். அடுத்த நொதி அதை அசிட்டேட்டாக மாற்றும், அதற்குப் பிறகு அது சாதாரண எரிபொருள் மாதிரி உடம்பில் எரிந்து போய்விடும். சிக்கல் முதல் படியில்தான். அந்த நொதி மிகக் குறைந்த அளவிலேயே முழுக்கப் பிடிபட்டுவிடும். ரத்தத்தில் 20ஐத் தாண்டிவிட்டால் ஏறக்குறைய எல்லா நொதியும் வேலையில் இருக்கும், அதற்கு மேல் கை கொடுக்க ஆள் இல்லை. என்3 சாலையில் மூய் ரிவர் டோல் கேட்டில் ஒரே ஒரு பூத் திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 40 கார் நின்றாலும் 400 கார் நின்றாலும் அந்த பூத் மணிக்கு விடுவது அத்தனை கார்தான். வரிசையில் நிற்கும் டிரைவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தால் அவர் கண்ணை விழித்துக்கொண்டு நிற்பார், வரிசை நகராது.

கல்லீரல் வழியாகப் போவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல். மூச்சு, சிறுநீர், வேர்வை மூன்றும் சேர்ந்து எடுப்பது மிச்சம் இருக்கும் சிறு பங்குதான். அதனால்தான் வேர்க்க விறுவிறுக்க ஓடினாலும், தண்ணீர் குடித்துக் குடித்துப் பாத்ரூம் போனாலும் கணக்கு மாறாது. தண்ணீர் நாக்கு வறட்சிக்கும் மறுநாள் தலைவலிக்கும் நல்லது. எலுமிச்சைச் சாறு, மோர், சூடான ரசம் எல்லாம் அப்படித்தான்: குடித்தால் உடம்புக்கு இதமாக இருக்கும், ரத்தத்தில் இருப்பது இருந்தபடியே இருக்கும். வாந்தி எடுத்தால் வயிற்றில் மிச்சம் இருப்பது வெளியே வரும், ரத்தத்துக்குப் போனது திரும்பி வராது. குடித்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, மூச்சுக்குழாயில் போகும் ஆபத்துதான் மிச்சம். சாப்பாடு உதவும், ஆனால் குடிக்கும் முன்னும் குடிக்கும்போதும்தான். வயிறு நிறைந்திருந்தால் மெதுவாக ஏறும், உச்சமும் குறையும். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பன்னி சௌ வாங்கித் தின்றால் பசி அடங்கும், அவ்வளவுதான்.

இனி காபி. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம், ஏனென்றால் காபி உண்மையிலேயே ஏதோ செய்கிறது. விழித்திருக்கும் நேரம் ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை இழுக்கும். கஃபீன் அந்த அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் தூக்கம் குறையும். ஆனால் ஆல்கஹால் மூளையில் செய்வது தூக்கத்தை வரவழைப்பது மட்டுமில்லை. தூரத்தை மதிப்பிடுவது, இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் கவனிப்பது, "இது ஆபத்து" என்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது, இவை எல்லாவற்றையும் அது கெடுத்து வைத்திருக்கும். கஃபீன் அந்தப் பக்கம் போவதே இல்லை. குடித்தவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் குறைந்தபட்சம் சாவியை எடுக்க மாட்டார். காபி குடித்த பிறகு அதே 80 ரத்தத்தில் இருக்க, கண் மட்டும் விழித்துக்கொண்டு சாவியை எடுப்பார். 2010இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கஃபீன் கலந்த மதுபானம் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதற்கும் இதுதான் காரணம்: எவ்வளவு போதை ஏறியிருக்கிறது என்று குடித்தவருக்கே தெரியாமல் கஃபீன் மறைத்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் சேரும். பலருக்குத் தெரியாதது, என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. ரத்தத்தில் ஆல்கஹால் ஏறும்போது 80இல் ஒருவர் தள்ளாடுவார். இறங்கும்போது அதே 80இல் "நான் தெளிந்துவிட்டேன்" என்பார். மெல்லன்பி என்பவர் 1919இலேயே இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம். சில மணி நேரத்துக்குள்ளேயே மூளை அந்த அளவுக்குப் பழகிக்கொள்வதால், போதை தெரிவது முதலில் குறைந்துவிடுகிறது. வண்டி ஓட்டும் திறன் அதே வேகத்தில் திரும்பி வருவதில்லை. ராத்திரி 10 மணிக்குத் தள்ளாடியவர் காலை 4 மணிக்கு எழுந்து, காபி குடித்து, நேராக நடந்து, தெளிவாகப் பேசுவார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே தெளிந்த மாதிரிதான் இருக்கும். அந்த நேரத்தில் கையில் காபி இருந்ததால் காபிக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. நடுவில் போன நான்கு மணி நேரமும், பழகிப்போன மூளையும் சேர்ந்து செய்த வேலை அது. அதனால் "எனக்கு இப்போது எப்படி இருக்கிறது" என்பதை வைத்து முடிவு எடுக்கவே கூடாது. கடிகாரத்தையும் குடித்த கணக்கையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பச்சைத் தண்ணீர்க் குளியல் கதையும் இதே மாதிரிதான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உடம்பு திடுக்கிட்டு அட்ரினலினை விடும், மூச்சு வாங்கும், கண் திறக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் அது அடங்கிவிடும். ஆனால் நன்றாகக் குடித்தவருக்கு இது ஆபத்தாகவும் முடியும். ஆல்கஹால் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரித்துவிடும். அதனால்தான் குடித்தவருக்குச் சூடாக இருக்கிற மாதிரி தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நடுக்கம் எடுத்துச் சூடு உண்டாக்கும் திறனும் குறையும். ஒரு ஜூலை மாத ராத்திரியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பையனை நண்பர்கள் தெளிய வைப்பதற்காகத் தோட்டத்துக் குழாயை எடுத்து நனைத்து, ஈரத் துணியோடு வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது உதடு நீலமாக இருந்தது. கையைத் தொட்டால் ஃப்ரிட்ஜில் வைத்த சாமான் மாதிரி இருந்தது. உடம்புச் சூடு 33 டிகிரி. ரத்தத்தில் ஆல்கஹால் அப்படியே இருந்தது. நல்ல மனதோடுதான் செய்தார்கள், பாவம்.

ஒருவரைக் கூப்பிட்டாலும் கிள்ளினாலும் எழுப்ப முடியவில்லை என்றால், நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் குறைவாக விடுகிறார் என்றால், மூச்சுக்கு மூச்சு பத்து நொடிக்கு மேல் இடைவெளி விழுகிறது என்றால், தோல் சில்லிட்டு நீலம் பூத்திருக்கிறது என்றால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். நினைவு போன பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்த்திவிட்டு, 10177க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள், மொபைலில் 112. பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

ரோட்பிளாக்கில் ஊதச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெப்பர்மின்ட், பாக்கு, வெற்றிலை எதுவும் அங்கே செல்லாது. கருவி பார்ப்பது வாய் நாற்றத்தை இல்லை, நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை. அங்கே ரத்தத்தில் இருப்பதுதான் காற்றில் கலந்து வரும், அதுவும் ஒரு கணக்கான விகிதத்தில். ரத்தத்துக்கு 50 என்றால் மூச்சுக்கு 1000 மில்லிக்கு 0.24 மில்லிகிராம் என்று நம் சட்டம் வைத்திருப்பது அந்த விகிதத்தை வைத்துத்தான். இப்போது கடையில் கிடைக்கும் சிறிய ஊதும் கருவியை வாங்கலாம், தப்பில்லை. கடைசியாகக் குடித்து 15 நிமிடம் கழித்து ஊத வேண்டும், இல்லையென்றால் வாயில் ஒட்டியிருப்பதைக் காட்டும். ஆனால் மலிவான கருவிகள் நாளாக ஆகத் தவறும். அது "எல்லைக்கு மேலே" என்று காட்டினால் நம்புங்கள். "கீழே" என்று காட்டினால் அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

இனி உங்கள் சனிக்கிழமை. 4 மணிக்கு அவர்தான் ஓட்ட வேண்டும் என்றால், மெதுவான கல்லீரலை, அதாவது மணிக்கு 10ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். 6 மணியிலிருந்து 4 மணி வரை 10 மணி நேரத்தில் 100 போகும். அவர் எடைக்கு அது 54 கிராம், அதாவது 340 மில்லி பியர் நான்கு. பிராந்தி கிடையாது. அதையும் 9 மணிக்குள் முடித்துவிட்டுப் படுக்கப் போக வேண்டும். தூக்கமும் இதே கணக்கில் வருகிறது: 17 மணி நேரம் விழித்திருந்தாலே மூளை ஏறக்குறைய 50 அளவு ஆல்கஹால் இருக்கிற மாதிரி மந்தமாகிவிடும் என்று 1997இல் வந்த ஆய்வு காட்டியது. நடுராத்திரி வரை விழித்து, மூன்று மணி நேரம் தூங்கி, டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறி, வான் ரீனென் கணவாயில் பனிமூட்டத்தில் லாரிகளுக்கு நடுவே போவது, ஒரு துளி குடிக்காதவருக்கே நல்லதில்லை.

அவர் வழக்கம்போல 5 டபுள் குடிக்கப் போகிறார் என்றால், அன்று ஓட்டுவது நீங்கள் என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள். அப்படியென்றால் உங்கள் கணக்கும் தனி. நீங்கள் 60 கிலோ என்று வைத்தால் 33 கிலோவாகத்தான் எண்ண வேண்டும். 150 மில்லி வைன் இரண்டு கிளாஸ் உங்களை 90ஐத் தாண்டிக் கொண்டுபோகும், அது போக 6 மணி நேரம் வேண்டும், மெதுவான கணக்கில் 9 மணி நேரம். 8 மணிக்குள் அந்த இரண்டையும் முடித்துக்கொண்டால் மெதுவான கணக்கிலும் காலை 5 மணி வாக்கில் முழுக்கப் போய்விடும். அதற்கும் முன்னால் கிளம்ப வேண்டும் என்றால் அன்றைக்கு ஜூஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் இருவருமே குடிப்பதென்றால் ஞாயிறு மதிய சாப்பாட்டை அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை விடிகாலை கிளம்புங்கள். ஜோகன்னஸ்பர்க் 570 கிலோமீட்டர்தான், ஆறேழு மணி நேரத்தில் போய்விடலாம்.